சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை: எக்கோ அடிக்கும் ஜெபக்கூடத்தில் பேச்சைத் தெளிவாக்கும் வழி

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு ஜெபக்கூடம். நீளம் 24 மீட்டர், அகலம் 12, உயரம் 7. சிமெண்ட் பூசிய சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, இரு பக்கமும் கண்ணாடி ஜன்னல்கள். ஆறு ஸ்பீக்கர்கள் இருந்தும் பிரசங்கம் புரியவில்லை என்பதால், இன்னும் இரண்டு வாங்கலாமா என்று கேட்பதற்காக என்னைச் சேலத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் எப்படிக் கேட்கிறது என்று விசாரித்தேன். "சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது தம்பி. ஐயா என்ன சொல்றாருன்னுதான் பிடிபடல" என்றார். நோயை இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

அங்கே செய்த வேலையை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். அளவுகள் உங்கள் கூடத்துக்கு மாறும். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். பலரும் முதலில் ஈக்குவலைசரில் கை வைக்கிறார்கள். ஸ்பீக்கர் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஈக்குவலைசரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒலியைக் கூட்டினால் ஏன் புரிவதில்லை

கேட்பவரின் காதுக்கு இரண்டு விதமாக ஒலி வருகிறது. ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவது ஒன்று. சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுப் பட்டுச் சுற்றிவரும் முழக்கம் இன்னொன்று. நேர் ஒலி தூரம் போகப்போகக் குறையும். முழக்கம் கூடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். வால்யூமைத் திருகினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். ஒரு சொல்லின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த மூன்று சொற்கள் வந்து அதன்மேல் விழுகின்றன. ஆகவே நம் வேலை ஒன்றுதான்: நேர் ஒலியை முழக்கத்துக்கு மேலே தூக்குவது.

முழக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். கூடம் காலியாக இருக்கும்போது இரண்டு மரப்பலகைகளைப் பலமாக ஒருமுறை தட்டி, ஒலி முற்றும் அடங்கும் வரை கைக்கடிகாரத்தில் எண்ணுங்கள். துல்லியமான அளவீடு அல்ல, ஆனால் போதும். இந்தக் கூடத்தில் சுமார் 3 நொடி வந்தது. பேச்சுக்கு 1 நொடிப் பக்கம் இருந்தால் வசதி, 2 நொடியைத் தாண்டினால் சிரமம்.

மலைக்கூடத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சேலத்தில் ஜன்னல்கள் எப்போதும் திறந்திருக்கும். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது, அதைவிடச் சிறந்த ஒலி உறிஞ்சி கிடையாது. ஏற்காட்டில் பனிக்கும் குளிருக்கும் எல்லாவற்றையும் சாத்திவிடுகிறார்கள், கண்ணாடி ஒலியைத் திருப்பி அடிக்கிறது. இங்கே 12 ஜன்னல்கள், ஒவ்வொன்றும் சுமார் 1.8 சதுர மீட்டர். அத்தனையையும் திறந்து தட்டிப் பார்த்தபோது 3 நொடி இரண்டரைக்கு இறங்கியது. கீழே ஊரில் நன்றாக ஒலித்த அமைப்பை அப்படியே மலைக்குத் தூக்கி வந்தால் ஏமாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜனங்களும் ஒலியை உறிஞ்சுவார்கள். 1890களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர், எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் இருக்கை மெத்தைகளைச் சுமந்து போய் வைத்து, எத்தனை வைத்தால் முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று இரவுகளில் அளந்தார். கூட ஒலியியலின் கணக்கு அங்கேதான் தொடங்கியது. அவருடைய கணக்குப்படி, இந்தக் கூடத்தில் 200 பேர் உட்கார்ந்தால் 3 நொடி என்பது சுமார் 1.6 நொடிக்கு வந்துவிடும். காலிக் கூடத்தில் சோதித்துவிட்டு மனம் உடைந்து போகாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: மதிப்பெண் போடுங்கள்

"இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதை நம்பி வேலை செய்ய முடியாது. ஒரே ஒரு எழுத்தில் மாறும் சொற்களாக 25 எழுதிக்கொள்ளுங்கள். படம், பணம், பலம், பயம், பழம், பதம் ஒரு கூட்டம். மரம், மடம், மதம், மணம் இன்னொரு கூட்டம். கடல், உடல், மடல். வலி, வளி, வழி என்று சேர்த்துக்கொண்டே போகலாம். ஒருவர் பிரசங்க மேடையில் நின்று, வரிசையைக் கலைத்து, வழக்கமான வேகத்தில் வாசிக்கட்டும். முன்வரிசையிலும் நடுவிலும் கடைசியிலும் ஒவ்வொருவர் உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுதட்டும். வசனம் வாசித்துச் சோதிக்காதீர்கள். தெரிந்த வசனத்தை மனம் தானே நிரப்பிக்கொள்ளும், காது கேட்டதாக நினைத்துவிடுவோம்.

காலிக் கூடத்தில் எங்களுக்கு முதலில் கிடைத்தது: முன்வரிசை 22, நடு 15, கடைசி 11. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதையே திரும்பச் செய்தோம்.

இரண்டாம் படி: அணைத்துப் பாருங்கள்

மிக்சரில் எக்கோ, ரிவெர்ப் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுக்காகத் திறந்தது பிரசங்கத்துக்கும் அப்படியே ஓடுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். கூடமே 3 நொடி முழங்கும்போது மேலும் அரை நொடியை நாமே சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்து ஸ்பீக்கர்கள். அங்கே முன் மூலைகளில் கூரையை ஒட்டி இரண்டு பெரிய பாக்ஸ். பக்கச் சுவர்களில் நான்கு மீட்டர் உயரத்தில், நீளமான பெட்டிக்குள் பல சிறு ஸ்பீக்கர்களை ஒரே வரிசையில் அடுக்கிய நான்கு காலம் ஸ்பீக்கர், படுக்கைவாட்டில், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. உங்களை நேராகப் பார்ப்பது ஒன்றுதான். மற்ற ஐந்தும் உங்களுக்கு நேர் ஒலி எதையும் தராமல், முழக்கத்தை மட்டும் நிரப்புகின்றன. நேர் ஒலியும் முழக்கமும் சமமாகும் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு:

```
D = 0.057 × √( Q × V ÷ (T × N) )
```

D என்பது அந்தத் தூரம், மீட்டரில். V என்பது கூடத்தின் கன அளவு, இங்கே 24 × 12 × 7 = 2016 கன மீட்டர். T முழக்க நேரம். N ஒரே நேரத்தில் ஓடும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை. Q என்பது ஸ்பீக்கர் ஒலியை எவ்வளவு குவித்து ஒரு பக்கமாக அனுப்புகிறது என்பது. சாதாரண பாக்ஸுக்கு 5 என்றும், ஒரு மீட்டர் நீளக் காலத்துக்கு 12 என்றும் தோராயமாக வைத்துக்கொள்ளலாம். D-யைப் போல மூன்று மடங்கு தூரம் வரை பேச்சு ஓரளவு புரியும்.

ஓடும் ஆறையும் சாதாரண பாக்ஸ் என்றே வைத்துக்கொண்டால் D 1.35 மீட்டர், நான்கு மீட்டரிலேயே தெளிவு போய்விடுகிறது. இரண்டு காலம் மட்டும் ஓடினால் D 3.6 மீட்டர்; காலிக் கூடத்தில் 11 மீட்டர் வரை தாங்கும். ஜனங்கள் நிறைந்து T 1.6 ஆனால் ஏறக்குறைய 15 மீட்டர். இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வாங்கும் யோசனையை அந்தத் தாளிலேயே கைவிட்டார்கள்.

மூன்றாம் படி: நிமிர்த்துங்கள், பிறகு குனிய வையுங்கள்

காலம் ஸ்பீக்கரைப் படுக்க வைப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. நிமிர்ந்து நிற்கும் காலம் பக்கவாட்டில் அகலமாகவும் மேலும் கீழும் குறுகலாகவும் ஒலியை அனுப்பும். அதாவது ஜனங்கள்மேல் பரவும், கூரைக்கும் தரைக்கும் அதிகம் போகாது. படுக்க வைத்தால் இது தலைகீழாகும்: கூரையையும் தரையையும் நன்றாக அடிக்கும், ஜனங்களில் ஒரு சின்ன கீற்றுக்கு மட்டும் நேர் ஒலி போகும். இந்தக் குவிப்புக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு மீட்டர் காலம் சுமார் 350 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஒலியைக் கட்டுப்படுத்தத் தொடங்கும். அதற்குக் கீழே உள்ளது எல்லாப் பக்கமும் பரவத்தான் செய்யும். அதை ஈக்குவலைசரில் பார்ப்போம்.

இரண்டு காலத்தைக் கழற்றி மேடையின் இரு புறமும், பக்கச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே, நிமிர்த்தி வைத்தோம். மைக் நிற்கும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதில் தவறவேண்டாம். மைக் ஸ்பீக்கரின் முகத்தைப் பார்த்தால் ஊளையிடும்.

இப்போது குனிவு. காலத்தின் நடு தரையிலிருந்து 3 மீட்டரில் இருக்கிறது. பாயில் உட்கார்ந்தவரின் காது 80 சென்டிமீட்டரில். நாற்காலி என்றால் 1.2 மீட்டர், இதைக் கேட்டுக்கொள்ளாமல் கோணம் வைக்காதீர்கள். கடைசி வரிசை காலத்திலிருந்து 20 மீட்டர். நேராக அங்கேயே குறி வைத்தால் ஒலிக்கற்றையின் மேல்பாதி பின்சுவரில் மோதித் திரும்பும். அதனால் ஐந்தில் நான்கு பங்கு தூரத்தில், 16 மீட்டரில் குறி வைத்தோம். 16 மீட்டர் போகையில் 2.2 மீட்டர் இறங்க வேண்டும். ஒரு மீட்டருக்கு எவ்வளவு? 2.2 ÷ 16 = 0.1375 மீட்டர், ஏறக்குறைய 14 சென்டிமீட்டர்.

இதற்குக் கோணமானி தேவையில்லை, கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். காலத்தின் முன்முகத்தின் மேல் விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். ஒரு மீட்டர் கீழே நூலுக்கும் ஸ்பீக்கர் முகத்துக்கும் இடையே 14 சென்டிமீட்டர் வரும்வரை மேல்பக்கத்தை முன்னால் சாயுங்கள். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை ஸ்பீக்கரின் முகத்தில் சமமாக ஒட்டி வைத்துவிட்டு, குறி வைத்த இடத்தில் உட்கார்ந்து முகத்துக்கு அருகே டார்ச்சைப் பிடியுங்கள். கண்ணாடியில் உங்கள் டார்ச் தெரிந்தால் ஸ்பீக்கர் உங்களைத்தான் பார்க்கிறது. பக்கவாட்டுத் திருப்பலையும் இப்படியே சரிபார்க்கலாம். நாங்கள் இரண்டையும் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பினோம், பக்கச் சுவரில் விழுவது குறைந்தது.

தாங்கியை வெல்டிங் பட்டறையில் எல் ஆங்கிளில் செய்து, ஆங்கர் போல்ட்டில் முடுக்கி, தனியாக ஒரு இரும்புக் கம்பியையும் பாதுகாப்புக்குக் கட்டுங்கள். முன்சாய்ந்த பாரம் ஜனங்களின் தலைக்கு மேலே நிற்கிறது.

இரண்டு காலத்தின் ப்ளஸ், மைனஸ் வயர்கள் ஒரே மாதிரி இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று மாறியிருந்தால், கூடத்தின் நடுக்கோட்டில் நிற்கும்போது குரல் உள்ளீடில்லாமல் கூடாக ஒலிக்கும். வயரை மாற்றியதும் குரல் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

மிச்சமிருந்த இரண்டு காலத்தைச் சில வாரம் அணைத்தே வைத்தோம். ஒலி ஒரு மீட்டர் போக சுமார் 2.9 மில்லிநொடி ஆகும். நடுச்சுவரில் இருக்கும் ஸ்பீக்கர் முன் ஸ்பீக்கருக்கு 13 மீட்டர் தள்ளி இருந்தால், பின்னால் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் இருமுறை, 38 மில்லிநொடி இடைவெளியில் வரும். தாமதப்படுத்தும் கருவி இல்லாமல் பின் ஸ்பீக்கரைப் போடாதீர்கள். பிறகு அவர்கள் ஒரு சிறிய டிஜிட்டல் பிராசசர் வாங்கியதும், 38-உடன் 10 சேர்த்து 48 மில்லிநொடி வைத்து, பின்வரிசையை மட்டும் பார்க்குமாறு நிமிர்த்தி மாட்டினோம். அதன் ஒலி அளவு சரியாக இருந்தால், ஓடுகிறது என்றே தெரியாது. அணைத்தால்தான் குறை தெரியும்.

நான்காம் படி: மைக்

ஈக்குவலைசருக்கு முன்னால் மைக்கை முடிவு செய்யுங்கள். மைக்கும் அதன் தூரமும் மாறினால் குரலின் தொனியே மாறும், செய்த ஈக்குவலைசர் வேலை வீணாகும்.

மேடையில் ஒரு கூஸ்நெக் கண்டென்சர் மைக் இருந்தது, போதகர் ஐயாவின் வாயிலிருந்து 40 சென்டிமீட்டரில். தூரம் இருமடங்கானால் வாயிலிருந்து வரும் ஒலி 6 டெசிபல் குறையும், கூடத்தின் முழக்கம் குறையாது. 40 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் மூன்று முறை பாதியாகிறது, 18 டெசிபல் லாபம். எந்த விலைக்கும் வாங்க முடியாத லாபம் இது. மைக்கே முழக்கத்தைக் குடித்துவிட்டால், எவ்வளவு நன்றாகக் குறிவைத்த ஸ்பீக்கரும் அந்த முழக்கத்தைத்தான் தெளிவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நின்ற இடத்தில் பேசுபவருக்கு ஸ்டாண்டில் வைத்த, முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும் டைனமிக் கார்டியாய்ட் மைக்கே நல்லது. இரண்டு விரலோ மூன்று விரலோ இடைவெளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கமாக வைத்தால் 'ப' சொல்லும்போது காற்று அடிக்காது. நடந்து, திரும்பிப் பேசுபவருக்குக் காதில் மாட்டும் ஹெட்செட் மைக். தலை எங்கே திரும்பினாலும் தூரம் மாறாது. சட்டைக் காலரில் குத்தும் மைக்கை இப்படிப்பட்ட கூடத்தில் நான் பரிந்துரைப்பதில்லை. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது, பெரும்பாலும் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை எடுக்கும் வகை, தலை திரும்பினால் குரல் போய்விடும்.

எங்கள் போதகர் ஐயாவுக்கு ஹெட்செட் பிடிக்கவில்லை. "முகத்துல ஏதோ ஊருற மாதிரி இருக்குங்க தம்பி" என்றார். வற்புறுத்தவில்லை, டைனமிக் மைக்கோடு நிறுத்தினோம். மாட்டியதையே நினைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வதில் யாருக்கும் பயனில்லை.

பாடகர் குழுவின் மைக்குகளைப் பிரசங்கத்தின்போது அணையுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும், ஊளைக்கு முன் கிடைக்கும் ஒலி 3 டெசிபல் குறைகிறது. ஒன்றுக்குப் பதில் நான்கு திறந்திருந்தால் 6 டெசிபல் போயிற்று. மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடிப்பதையும் தடுங்கள். கார்டியாய்ட் மைக் பின்பக்க ஒலியை விலக்குவது தலையின் பின்புறம் உள்ள துளைகள் வழியாகத்தான்.

ஐந்தாம் படி: ஈக்குவலைசர்

கான்கிரீட்டும் டைல்ஸும் அடிக்குரலை உறிஞ்சுவதேயில்லை. ஜனங்களின் உடையும் உடலும் நடு, உச்ச ஒலிகளை உறிஞ்சும், அடிக்குரலை அவ்வளவு உறிஞ்சாது. அதனால் கூடம் நிறைந்தாலும் 'ம்ம்ம்' என்ற குமுறல் மிஞ்சும். உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. க, ச, த, ப போன்ற எழுத்துகளின் வெடிப்பும், ல, ள, ழ வேறுபாட்டைக் காட்டும் நுணுக்கமும் பெரும்பாலும் 1500 ஹெர்ட்ஸுக்கு மேலே. கீழே இருப்பது நீண்டு முழங்கி, மேலே இருப்பதை மூடிவிடுகிறது. நம்மூர் சவுண்ட் சர்வீசில் ஈக்குவலைசரைச் சிரித்த வாய் போல, இரு ஓரமும் தூக்கி நடுவை இறக்கி வைக்கும் பழக்கம் உண்டு. திருவிழாப் பாட்டுக்கு அது இருக்கட்டும். இங்கே அந்த வாய் பிரசங்கத்தையே விழுங்கும்.

மைக் சேனலில் லோ கட் பொத்தானை அழுத்துங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சுக்கு வேண்டியது எதுவும் அநேகமாக இல்லை. மைக் வாய்க்கு அருகில் வந்ததால் அடிக்குரல் கூடியிருக்கும், அதற்கும் இது தேவை. பிறகு போதகரையே பேசச் சொல்லி, 31 பட்டைகள் உள்ள ஈக்குவலைசரில் 200 முதல் 400 வரை மெதுவாக இறக்குங்கள். நாங்கள் 200-ல் 4 டெசிபல், 250-ல் 6, 315-ல் 5, 400-ல் 3 என்று இறக்கினோம். காது கடைசி வரிசையில் இருக்க வேண்டும், ஆகவே ஒருவர் கருவியில், ஒருவர் பின்னால். குமுறல் குறைந்து குரல் இன்னும் மனிதக் குரலாக இருக்கும்போது நிறுத்துங்கள். பழைய ரேடியோ போல ஒலித்தால் அதிகம் இறக்கிவிட்டீர்கள்.

ஏற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டும். 2500 முதல் 4000 வரை 2 டெசிபல் ஏற்றினோம், அவ்வளவுதான். அதற்கு மேலே போனால் 'ஸ', 'ஷ' சீறும், வயதானவர்களுக்குக் காது வலிக்கும்.

கடைசியாக ஊளை. வால்யூமை மெல்ல ஏற்றி, முதலில் எந்தப் பட்டை ஊளையிடுகிறதோ அதை மட்டும் 3, 4 டெசிபல் இறக்குங்கள். எங்களுக்கு 630-லும் 1250-லும் வந்தது. மூன்று, நான்கு இடங்களுக்கு மேல் இறக்க வேண்டி வந்தால், ஈக்குவலைசரை விட்டுவிட்டு ஸ்பீக்கரும் மைக்கும் நிற்கும் இடத்தைத் திரும்பப் பாருங்கள்.

பாஸ், ட்ரெபிள் என்ற இரண்டு குமிழ் மட்டுமே உள்ள மிக்சர் ஆம்ப்ளிஃபயர் என்றால், பாஸைக் கடிகாரத்தின் ஒன்பது மணி நிலைக்குத் திருப்பி, ட்ரெபிளை நடுவில் விடுங்கள். பாதிக்கு மேற்பட்ட பலன் அதிலேயே கிடைக்கும்.

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

ஸ்பீக்கர் மாற்றத்துக்குப் பிறகு காலிக் கூடத்தில் நடுவரிசை 15-லிருந்து 21, கடைசி 11-லிருந்து 16. மைக் மாறியதும் கடைசி 19. ஈக்குவலைசருக்குப் பிறகு 21. ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் நிறைந்தபோது கடைசியில் 23. தவறிய இரண்டும் ள, ழ.

ஆனால் காலிக் கூடத்தின் முழக்கம் 3 நொடியிலிருந்து ஒரு கணமும் குறையவில்லை. அதை எந்தக் குமிழாலும் குறைக்க முடியாது. மேடையில் நிற்பவருக்குப் பின்சுவரிலிருந்து தன் குரலே தனியாகத் திரும்பி வருவதும் மிச்சமிருந்தது. அதற்குப் பின்சுவரில் கனமான திரையை நிறைய மடிப்புடன், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டார்கள், அது அடங்கியது. புதன்கிழமை மாலை ஜெபத்துக்கு இருபது பேர்தான் வருவார்கள், அன்று கூடம் பழையபடி முழங்கும். அந்த நாளில் பாயை முன்பக்கம் எட்டு மீட்டருக்குள் விரித்து, ஒரே ஒரு காலத்தை மட்டும் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். குமிழ்கள் எல்லாம் நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளை நெயில் பாலிஷ் புள்ளி வைத்திருக்கிறது; கிறிஸ்துமஸ் பாட்டுக்கு யாராவது மாற்றினாலும் மறுநாள் புள்ளிக்கே கொண்டுவந்துவிடலாம்.